டியூஷன் பிள்ளையின் பெற்றோருக்கு முன்னேற்றக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் வீட்டில் டியூஷன் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு நிலைமை: 4, 5-ஆம் வகுப்புக்கு வந்த பிறகும் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை. டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் அடிக்கடி பார்ப்பது இதுதான். பெற்றோருக்குச் சரியாகச் சொல்லப்படாமல் போவதும் இதுதான்.

"மார்க் ஷீட்தான் பள்ளிக்கூடத்துலயே குடுக்கறாங்களே, நான் தனியா எதுக்குக் கடிதம் எழுதணும்?"

மார்க் ஷீட்டில் தமிழ் 41 என்று இருக்கும். பிள்ளைக்குப் பாடம் புரியவில்லையா, புரிந்தும் எழுத வரவில்லையா, கேள்வியையே படிக்க முடியவில்லையா என்பது அந்த 41-ல் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை கணக்கில் வாக்கியக் கணக்குகளை விட்டுவிடும், அறிவியலில் கோடிட்ட இடத்தை மட்டும் நிரப்பும். வீட்டில் அதை "எல்லாப் பாடத்துலயும் வீக்" என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் இருப்பது ஒரே சிக்கல், வாசிப்பு. கடிதத்தின் முதல் வேலை அதைப் பெயர் சொல்லிக் காட்டுவது. பிறகு, எத்தனை வாரத்தில் எவ்வளவு மாறும், அதற்கு வீட்டில் யார் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டையும் சொல்ல வேண்டும். இந்த மூன்றுக்கு மேல் கடிதத்தில் எதுவும் வேண்டாம். ஒழுக்கம், கையெழுத்து, வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் சேர்த்தால் பெற்றோர் கையெழுத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பிள்ளையைத் திட்டுவார்கள்.

"நல்லா படிக்கறா, சுமாரா படிக்கறான்னு எழுதாம வேற எப்படி எழுதறது?"

அளந்து எழுதுங்கள். வேண்டியது ஒரு கதைப் பத்தி, போனில் ஸ்டாப்வாட்ச், பென்சில். பிள்ளை இதுவரை பார்க்காத, சுமார் 80 சொல் உள்ள பத்தியாக இருக்கட்டும். அதே பத்தியின் இன்னொரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். "தொடங்கு" என்று சொல்லி 60 நொடி ஓட விடுங்கள். தவறாகப் படித்த சொல்லின் மேல் ஒரு கோடு போடுங்கள். மூன்று நொடி திணறி நின்றால் நீங்களே சொல்லைச் சொல்லிவிட்டு, அதையும் தவறாகக் கணக்கிடுங்கள். பிள்ளை தானே திருத்திக்கொண்டால் அது தவறு இல்லை. மொத்தம் படித்த சொற்களில் தவறியதைக் கழித்தால் கிடைப்பது ஒரு நிமிடத்தில் சரியாகப் படித்த சொற்கள். ஒரே நாளில் மூன்று பத்திகளைப் படிக்க வைத்து, நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பத்தியை நம்பினால், அதில் கடினமான நான்கு சொற்கள் அடுத்தடுத்து வந்தாலே கணக்கு கெட்டுவிடும்.

எந்த வகுப்புப் பத்தி என்பது முக்கியம். 10 சொல்லுக்கு 9 சொல் சரியாக வரும் நிலைதான் பழகுவதற்கு ஏற்றது. 5-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு 2-ஆம் வகுப்புப் பத்தியில்தான் அது கிடைக்கிறது என்றால், 2-ஆம் வகுப்புப் பத்தியையே எடுங்கள். கடிதத்திலும் மறைக்காமல் எழுதுங்கள்.

"ஒரு நிமிஷத்துக்கு 100 சொல் படிக்கணும்னு போன்ல ஒரு பட்டியல் வந்துச்சு, அதையே இலக்கா வெச்சுக்கலாமா?"

வேண்டாம். அப்படிப் பரவும் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கில வாசிப்புக்காகப் போட்டவை. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக நிற்பது தமிழில் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். "ஓடிக்கொண்டிருந்தார்கள்" ஒரு சொல்தான். ஆனால் அதில் 12 எழுத்து. "கிளி" என்பதும் ஒரு சொல்தான், 2 எழுத்து. இரண்டையும் ஒன்று என்று எண்ணும் கணக்கை வேறு மொழியின் எண்ணோடு ஒப்பிட முடியாது.

இதே காரணத்தால் உங்கள் சொந்த அளவீட்டிலும் ஒரு தவறு நுழையும். ஜூனில் எடுத்த பத்தியில் குட்டிச் சொற்கள், ஆகஸ்டில் எடுத்த பத்தியில் "மரத்திலிருந்து", "சொல்லிக்கொண்டே" போன்றவை என்றால், பிள்ளை முன்னேறியிருந்தும் எண் இறங்கித் தெரியும். பத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் 50 சொல்லில் மொத்தம் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பத்திகளுக்கும் இடையே இருபது எழுத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு பத்தி எடுங்கள். பத்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் விட்டால் கடிதத்தில் இருக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

"அப்போ இலக்கை எப்படி முடிவு பண்றது? அரையாண்டுக்குள்ள சரியாயிடும்னு சொல்லிடலாமா?"

பிள்ளையின் சொந்த வேகத்திலிருந்து கணக்கிடுங்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு 5-ஆம் வகுப்பு மாணவி என்று வைத்துக்கொள்வோம். அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். அம்மா வீட்டில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோக்கிறார். ஜூன் கடைசி வாரம் 2-ஆம் வகுப்புப் பத்தியில் ஒரு நிமிடத்தில் 24 சொல் படித்தாள், 5 தவறு, ஆக 19. ஆகஸ்ட் கடைசி வாரம் அதே நிலையில் வேறு பத்தி: 33 சொல், 3 தவறு, ஆக 30. ஒன்பது வாரத்தில் 11 சொல் ஏறியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு சொல்லுக்குச் சற்று மேல்.

டிசம்பர் முதல் வாரத்துக்கு இன்னும் 14 வாரம். காலாண்டுத் தேர்வுக்கும் விடுமுறைக்கும் இரண்டு வாரம், தீபாவளிக்கு ஒரு வாரம் கழித்தால் 11 மிச்சம். வாரத்துக்கு ஒரு சொல் என்று வைத்தால் 41. கடிதத்தில் "40, தவறு 2-க்கு மேல் இல்லாமல்" என்று எழுதலாம். காய்ச்சலில் ஒரு வாரம் போனாலும் எட்டக்கூடிய இலக்கு அது.

இலக்கோடு சேர்த்து, எட்ட முடியாததையும் ஒரு வரியில் எழுதுங்கள்: "டிசம்பருக்குள் 5-ஆம் வகுப்புப் புத்தகத்தைத் தானாக வாசிக்கும் நிலை வராது." எழுதவே கை நடுங்கும் வரி அது. எழுதாமல் விட்டால், டிசம்பரில் 19-லிருந்து 40-க்கு வந்த பிள்ளையை வீட்டில் தோற்றவளாகப் பார்ப்பார்கள். டியூஷனை மாற்றுவார்கள், புது இடத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.

"எங்க தப்பு பண்றான்னு பெத்தவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கறது?"

நீங்கள் கோடு போட்ட சொற்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வகைக்குள் அடங்கிவிடும். நாம் எடுத்துக்கொண்ட மாணவிக்கு இரண்டு வகை. "பெட்டி"யைப் "பேட்டி" என்கிறாள், "கொடி"யைக் "கோடி" என்கிறாள். அடுத்தது, நீண்ட சொல்லின் முன்பாதியைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறாள். "வீட்டிலிருந்து" என்பது "வீட்டில்" என்று முடிந்துவிடுகிறது.

முதல் வகைக்குக் காரணம் கொம்பு. தாளில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கிறது, வாயில் அதன் ஒலி பின்னால் வருகிறது. கண் முதலில் பார்ப்பதை நாக்கு இரண்டாவதாகச் சொல்ல வேண்டும். அதோடு ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் மேலே ஒரு சுழி மட்டும். (எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக்காட்ட அந்தச் சுழியைக் கொண்டுவந்தவர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்று சொல்வார்கள்.) வேகமாகப் படிக்க முயலும் பிள்ளை சுழியைப் பார்ப்பதே இல்லை.

பெற்றோருக்குக் காட்ட, அவர்கள் தினமும் பார்க்கும் ஒரு சொல்லை எடுங்கள். "செவ்வாய்ப்பேட்டை" என்ற பெயர்ப்பலகை போதும். முதலில் ஒற்றைக் கொம்பு, நடுவில் துணைக்கால், பிறகு இரட்டைக் கொம்பு, கடைசியில் ஐகாரத்தின் இணைக்கொம்பு. நான்கும் ஒரே சொல்லில். பிள்ளையை அதைப் படிக்கச் சொன்னால் எந்த இடத்தில் தடுக்கிறாள் என்று அம்மாவே பார்த்துவிடலாம். "படிப்பு ஏறல" என்று நினைத்தது இவ்வளவு சின்ன இடத்தில் இருக்கிறது என்று தெரியும்போது திட்டு தானாகக் குறையும்.

"வீட்டுல தினமும் படிக்க வைங்கன்னு எழுதினா போதாதா?"

அப்படி எழுதினால் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். பயன் இருக்காது. நேரம், பத்தி, யார் என்ன செய்வது என்று மூன்றையும் எழுதுங்கள். வாரத்தில் 5 நாள், நாளுக்கு 15 நிமிடம் போதும்.

முதல் மூன்று நிமிடம் நேற்றைய பத்தியை ஒரு முறை. அடுத்த எட்டு நிமிடம் புதிய பத்தி, 40 முதல் 50 சொல், மூன்று தடவை. முதல் தடவை பெரியவர் படிக்க, பிள்ளை விரலை வைத்துத் தொடர்ந்து வர வேண்டும். இரண்டாம் தடவை இருவரும் சேர்ந்து. மூன்றாம் தடவை பிள்ளை மட்டும். மீதி நான்கு நிமிடம் கதையில் என்ன நடந்தது என்று பிள்ளை சொல்ல வேண்டும், பெரியவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

திருத்தும் முறையையும் எழுதுங்கள். தவறினால் மூன்று நொடி காத்திருக்க வேண்டும். திருந்தவில்லை என்றால் அந்தக் கொம்பின் மேல் விரலை வைத்து "மேலே சுழி இருக்கா?" என்று மட்டும் கேட்க வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிவிட்டு, வாக்கியத்தை முதலிலிருந்து படிக்கச் சொல்ல வேண்டும். தவறிய சொல்லைப் பத்து தடவை எழுதச் சொல்வது வேண்டாம். இரண்டாவது தடவையிலிருந்து பிள்ளை எழுத்தைப் பார்க்காமல் கோடுகளைத்தான் வரைகிறது.

"அம்மா அப்பாவுக்கே படிக்கத் தெரியாதுங்க. அவங்க என்ன பண்ணுவாங்க?"

பெரியவர் படிக்க வேண்டிய முதல் தடவையை நீங்கள் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் விரல் நகர நேரம் கொடுத்து, வழக்கமாகப் பேசுவதைவிட மெதுவாகப் படியுங்கள். 50 சொல்லுக்கு ஒன்றரை நிமிடம் ஆகலாம். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டே விரலை நகர்த்தட்டும். பிறகு பதிவோடு சேர்ந்து படிக்கட்டும், அதற்கடுத்துத் தனியாக.

அம்மாவின் வேலை மூன்று: டிவியை நிறுத்துவது, பக்கத்தில் உட்காருவது, கதையைக் கேட்டுக் கேள்வி கேட்பது. சலங்கை கோத்துக்கொண்டே செய்யலாம். கதை புரியும்படி இல்லை என்றால் "எனக்குப் புரியல கண்ணு, இன்னொரு வாட்டி படி" என்று சொன்னால் போதும். அதைவிட நல்ல திருத்தம் இல்லை. எழுத்துத் தெரியாவிட்டாலும், பிள்ளை படித்த வாக்கியம் வாக்கியமாக இல்லை என்பது அவர் காதுக்குத் தெரியும்.

வீட்டில் புத்தகம் இல்லை என்று சொன்னால் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தினசரி காலண்டர் இல்லாத வீடு சேலத்தில் குறைவு. கிழிக்கும் தாளில் தேதி, நல்ல நேரம், கீழே ஒரு பொன்மொழி, சிலவற்றில் பின்பக்கம் சமையல் குறிப்போ மருத்துவக் குறிப்போ இருக்கும். அன்றன்றைய தாள் அன்றைய கூடுதல் வாசிப்பு.

"கடிதம் எழுதினா எப்படி இருக்கும்? ஒரு மாதிரி காட்டுங்க."

மேலே பார்த்த மாணவிக்கு எழுதினால் இப்படி வரும்:

> மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம்.
>
> உங்கள் மகள் பாடத்தைக் கேட்டால் நன்றாகப் புரிந்துகொள்கிறாள், கேள்விக்கு வாயால் சரியாகப் பதில் சொல்கிறாள். சிக்கல் வாசிப்பில் இருக்கிறது. ஜூனில் 2-ஆம் வகுப்புக் கதையில் ஒரு நிமிடத்தில் 19 சொல் சரியாகப் படித்தாள். இப்போது 30 படிக்கிறாள்.
>
> டிசம்பர் முதல் வாரத்துக்குள் இது 40 ஆக வேண்டும் என்பது நம் இலக்கு. அதன் பிறகு 3-ஆம் வகுப்புக் கதைக்குப் போவோம். 5-ஆம் வகுப்புப் புத்தகத்தை அதற்குள் தானாகப் படிக்கும் நிலை வராது. அதுவரை பள்ளிப் பாடத்தை நான் படித்துக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறேன்.
>
> ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு இரண்டிலும் தடுமாறுகிறாள். நீண்ட சொல்லின் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறாள். டியூஷனில் இவற்றைத்தான் பயிற்சி செய்கிறோம்.
>
> வீட்டில் திங்கள் முதல் வெள்ளி வரை இரவு 7.30-லிருந்து 15 நிமிடம் வேண்டும். பத்தியும் என் குரல் பதிவும் போனில் வரும். அம்மா பக்கத்தில் இருந்து கதையைக் கேட்டால் போதும். படித்த நாளில் காலண்டர் தாளில் ஒரு டிக் போட்டு, தாள்களைச் சனிக்கிழமை கொடுத்தனுப்புங்கள். தவறினால் திட்ட வேண்டாம், அந்தச் சொல்லைக் குறித்து வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.
>
> அக்டோபர் கடைசியில் மறுபடி அளந்து சொல்கிறேன்.

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். 7.30 என்ற நேரத்தை நீங்களாகப் போடாமல், அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். பட்டறை வேலை முடிந்து சமையல் தொடங்கும் நேரமாக இருந்தால் முதல் வாரமே நின்றுவிடும்.

"கடிதத்தை டியூஷன் வாட்ஸ்அப் குரூப்ல போடலாமா?"

கூடாது. ஒரு பிள்ளையின் எண் இன்னொரு வீட்டுக்குத் தெரியவே கூடாது. கையில் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். வர முடியாதவர்களுக்குத் தனியாகக் குரல் செய்தி: "அக்கா, வணக்கங்க. பாப்பா ஜூன்ல 19 சொல் படிச்சா, இப்ப 30 படிக்கறாங்க..." என்று கடிதத்தையே பேச்சில் சொல்லுங்கள், இரண்டு நிமிடத்துக்குள்.

"ஏற்காட்டுல காபி பழம் பறிக்கற சீசன்ல யாரும் வீட்டுலயே இருக்கறதில்ல. அப்ப என்ன இலக்கு வெக்கறது?"

சேர்வராயன் மலையில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை காபிப் பழம் பறிப்பு மும்முரமாக இருக்கும். காலையில் தோட்டத்துக்குப் போனால் பழத்தை எடை போட்டுவிட்டு அம்மா திரும்பும்போது இருட்டிவிடும். அதன் பிறகு மிளகு. நவம்பரில் "வீட்டில் ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுவது அந்த வீட்டைப் புரிந்துகொள்ளாத எழுத்து. ஆகஸ்ட் கடிதத்திலேயே இதைக் கணக்கில் எடுங்கள்.

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை வாரம் 5 நாள் என்று வையுங்கள். நவம்பரிலிருந்து 3 நாள், அதில் ஒன்று ஞாயிறு. உடன் இருப்பவர் பாட்டியாகவோ 8-ஆம் வகுப்பு அண்ணனாகவோ இருக்கலாம். அவர் பெயரைக் கடிதத்தில் குறிப்பிட்டு, அவரையும் உட்கார வைத்து ஒரு முறை செய்து காட்டுங்கள். அண்ணன் என்றால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: மூன்று நொடி காத்திருக்காமல் சொல்லைப் பிடுங்கிச் சொல்லிவிடுவான். சீசன் மூன்று மாதத்தில் எண் ஏறாமல் அப்படியே நின்றாலே அது நல்ல பலன். "ஜனவரி கடைசியில் 32-க்குக் குறையாமல்" என்பதும் இலக்குதான். சிக்னல் கிடைக்காத வீடுகளுக்குப் பதிவுகளை மாதக் கடைசியில் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்துவிடுங்கள்.

"வீட்டுல எல்லாம் சரியா படிக்கறா, டியூஷன்ல திணர்றான்னு அம்மா சொல்றாங்க. யாரு சொல்றது சரி?"

இருவரும் சரியாக இருக்கலாம். மூன்று நாள் ஒரே பத்தியைப் படித்தால் மனப்பாடம் ஆகிவிடும். கண் தாளில் இருக்காது, வாய் மட்டும் ஓடும். கண்டுபிடிக்க எளிய வழி: பத்தியின் கடைசி வரியில் ஒரு சொல்லை விரலால் காட்டிக் கேளுங்கள், அதற்கு முந்திய சொல்லையும் கேளுங்கள். பின்னோக்கிப் போகும்போது தடுமாறினால் மனப்பாடம். அப்படியென்றால் ஒரே பத்தியை இரண்டு நாளுக்கு மேல் படிக்க விடாதீர்கள். அளப்பதற்கு எப்போதும் புதுப் பத்தி.

"மூணு மாசமா எல்லாம் பண்ணியும் எண் ஏறவே இல்ல. கடிதத்துல 'டிஸ்லெக்சியா'ன்னு எழுதலாமா?"

எழுதக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் சோதித்துப் பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள். முதலில் காலண்டர் தாள்களை எண்ணுங்கள். 12 வாரத்தில் 60 டிக் வர வேண்டிய இடத்தில் 22 தான் இருக்கிறது என்றால் பயிற்சியே நடக்கவில்லை, வீட்டு நேரத்தை மாற்றிப் பாருங்கள். 50-க்கு மேல் இருந்தும் எண் அசையவில்லை என்றால், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: புத்தகத்தை ஒரு சாணுக்குள் வைத்துப் படிக்கிறாள், வரி தாவுகிறாள், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று தெரிவதில்லை.

கண்ணும் காதும் முதலில். அரசு மருத்துவமனையில் இரண்டையும் பார்த்துவிடலாம். அவை சரியாக இருந்தால், பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாக வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மூன்று அளவீடுகளையும் கோடு போட்ட தாள்களையும் பெற்றோரிடம் கொடுத்தனுப்புங்கள். அங்கே கேட்கும் முதல் கேள்விக்கு அவையே பதில்.

"அடுத்த கடிதம் எப்போ? மாசாமாசம் வேணுமா?"

எட்டு அல்லது ஒன்பது வாரத்துக்கு ஒன்று. மாதாமாதம் அளந்தால் மூன்று நான்கு சொல்தான் மாறும், அது பத்தியின் ஏற்ற இறக்கத்திலேயே காணாமல் போய்விடும். அடுத்த கடிதத்தின் முதல் வரியில் பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், இலக்கை எட்டவில்லை என்றாலும். 40 என்று சொல்லி 36 வந்திருந்தால் "36" என்றே எழுதி, எத்தனை நாள் டிக் விழுந்தது என்பதையும், டியூஷனில் நீங்கள் என்ன மாற்றப்போகிறீர்கள் என்பதையும் அதன் கீழே எழுதுங்கள்.